ராத்திரி ஷிஃப்ட், துடிக்கிற மானிட்டர், கண் கூச்சம்: யாராவது வழி சொல்லுங்கள்

கல்லிடை ஆந்தை | செவ்வாய், இரவு 2:10

ஊர் கல்லிடைக்குறிச்சி. வீட்டிலிருந்தே மெடிக்கல் கோடிங், இரவு 9 மணிக்கு உட்கார்ந்தால் காலை 6 மணிக்குத்தான் எழுந்திருப்பேன். கம்பெனி கொடுத்த லேப்டாப் 14 இன்ச், அதில் ஃபைலும் கோடிங் புத்தகமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியவில்லை என்று நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு பழைய 22 இன்ச் மானிட்டர் வாங்கினேன். செகண்ட் ஹேண்ட்தான். அன்றிலிருந்து சனி பிடித்தது.

முதலில் கண் கூசியது, பிரைட்னஸைக் குறைத்தேன். அப்புறமும் கூசியது, இன்னும் குறைத்தேன். இப்போது 15-ல் நிற்கிறது. கூச்சம் கொஞ்சம் குறைந்தது, ஆனால் பதினொன்றரை மணிக்கெல்லாம் புருவத்துக்கு மேலே ஒரு வலி ஆரம்பித்து விடிய விடிய இருக்கிறது. திரை துடிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது, தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினால் "ஒண்ணும் துடிக்கலையே" என்கிறான். அம்மா ஒரு படி மேலே போய், "முழிச்சிக் கெடந்தா தலை நோவாம பின்ன என்ன செய்யும், வேலையை விட்டுட்டு அப்பளம் இடு தாயி" என்கிறாள். லேப்டாப்பில் செட்டிங்ஸ் எல்லாம் பூட்டி வைத்திருக்கிறார்கள். திரையை மஞ்சளாக்குகிற நைட் லைட் செட்டிங் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது, அமுக்க முடியாது. வேறு ஆப் எதுவும் ஏற்றவும் விடாது. புது மானிட்டர் வாங்க இப்போது காசு இல்லை. என்ன செய்யலாம்?

ஜங்ஷன் அண்ணாச்சி | செவ்வாய், காலை 7:32

இதெல்லாம் நான் 2002-லேயே பார்த்தாச்சு. ஜங்ஷனில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன், பெரிய பெட்டி மானிட்டர் பன்னிரண்டு. 60 ஹெர்ட்ஸில் இருந்தால் பையன்கள் அரை மணி நேரத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து போய்விடுவான்கள், 85 வைத்தால் இரண்டு மணி நேரம் உட்காருவான்கள், எனக்கும் காசு. திரை நொடிக்கு எத்தனை தடவை வரைகிறது என்கிற ரெஃப்ரெஷ் ரேட்டைக் கூட்டு தங்கச்சி. 75 இருக்கிறதா என்று பார். அவ்வளவுதான் விஷயம்.

பனங்காடு | செவ்வாய், காலை 8:05

கரண்டு தான் காரணம். எங்கள் பக்கம் ராத்திரி பம்ப் செட் போட்டால் பல்பே மங்கிப் பிரகாசிக்கும். ஸ்டெபிலைசர் வாங்குங்கள். டியூப்லைட் சோக்கையும் மாற்றிவிடுங்கள், எங்கள் வீட்டில் மாற்றினதும் துடிப்பு நின்றுவிட்டது.

கல்லிடை ஆந்தை | செவ்வாய், காலை 8:20

டியூப்லைட் இல்லை அண்ணே, மானிட்டர். லைட்டை அணைத்துவிட்டுத்தான் வேலை பார்க்கிறேன், மேலே ஒரு சின்ன எல்இடி பல்பு மட்டும் எரியும். 75 ஹெர்ட்ஸ் பட்டியலிலேயே இல்லை அண்ணாச்சி, 60 மட்டும்தான் காட்டுகிறது.

பேக்லைட் | செவ்வாய், பகல் 1:40

பாளையங்கோட்டையில் மானிட்டர், டிவி பேனல் வேலை பார்க்கிறேன். அண்ணாச்சி சொன்னது அந்தப் பெட்டி மானிட்டருக்கு முழுக்கச் சரி. அதில் எலக்ட்ரான் கற்றை ஒவ்வொரு தடவை வரைந்துவிட்டுப் போனதும் பாஸ்பர் ஒளி மங்கிவிடும், அதனால் எத்தனை தடவை வரைகிறது என்பதே துடிப்பு. எல்சிடி அப்படி இல்லை. 60-ல் வைத்தாலும் புள்ளி அடுத்த படம் வரும் வரை அப்படியே நிற்கும். எல்சிடியில் துடிப்பது பெரும்பாலும் அதன் பின்னால் இருக்கிற விளக்கு.

முடிவு சொல்வதற்கு முன் மூன்று கேள்வி, ஏனென்றால் 'துடிக்கிறது' என்று கொண்டு வருகிற மானிட்டர்களில் நான் மூன்று விதமான துடிப்பைப் பார்க்கிறேன்.

வெள்ளைப் பக்கத்திலிருந்து கறுப்புப் பக்கத்துக்கு மாறும்போது வெளிச்சம் மெதுவாக ஏறி இறங்குகிறதா, மூச்சு விடுவது மாதிரி? எப்போதாவது திரை ஒன்றிரண்டு நொடி முழுக்கக் கறுத்துத் திரும்பி வருகிறதா, அப்போது லேப்டாப்பின் சொந்தத் திரை நன்றாக இருக்கிறதா? மூன்றாவது, இருட்டில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திரை முழுக்கத் திறந்துவைத்து, அதற்கு முன்னால் ஒரு பென்சிலை விசிறி மாதிரி வேகமாக ஆட்டுங்கள். ஒரே மங்கல் விசிறியாகத் தெரிகிறதா, இல்லை பத்துப் பதினைந்து பென்சில் தனித்தனியாக நிற்கிற மாதிரித் தெரிகிறதா? 15-ல் ஒரு தடவை பாருங்கள், 100-ல் ஒரு தடவை பாருங்கள்.

கல்லிடை ஆந்தை | செவ்வாய், இரவு 11:50

அண்ணே, மூன்றுமே ஆமாம்!!

மூச்சு விடுகிறது, கோடிங் சாஃப்ட்வேரிலிருந்து வெள்ளை பிடிஎஃப்புக்குப் போனால் ஒரு நொடி கழித்து பளீரென்று ஏறும். கறுப்பாவதும் உண்டு, ராத்திரிக்கு இரண்டு மூன்று தடவை, லேப்டாப் திரைக்கு ஒன்றும் ஆகாது. பென்சில் 15-ல் தனித்தனியாக வேலிக்கம்பி மாதிரி நிற்கிறது, 100-ல் வெறும் மங்கல். தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இப்போது அவனும் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

பேக்லைட் | புதன், காலை 10:15

அப்படியானால் மூன்று நோய், மூன்று மருந்து. முதலில் பென்சில்.

உங்கள் மானிட்டர் பிரைட்னஸைக் குறைக்கிற விதம் ஒரு ஏமாற்று வேலை. விளக்குக்குப் போகிற கரண்டைக் குறைக்காமல் விளக்கையே அணைத்து அணைத்துப் போடுகிறது. 100-ல் தொடர்ந்து எரியும். 15-ல், தோராயமாகச் சொன்னால், ஆறில் ஒரு பங்கு நேரம்தான் எரிகிறது, மீதி நேரம் இருட்டு. அந்தக் காலத்து மலிவு மானிட்டர்களில் இது நொடிக்கு 180, 240 தடவை என்கிற அளவில் நடக்கும். கண் நேராகப் பார்த்தால் தெரியாது. ஆனால் பார்வை ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்குத் தாவும்போது பென்சிலுக்கு நடந்ததேதான் எழுத்துக்கும் நடக்கும். சிலருக்கு இது ஒன்றுமே செய்யாது, சிலருக்குத் தலையைப் பிளக்கும். தம்பிக்கு ஒன்றும் இல்லை, உங்களுக்கு இருக்கிறது, இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

பென்சிலில் சந்தேகம் இருந்தால் போன் கேமராவில் ப்ரோ மோடு போய் ஷட்டரை 1/1000 அல்லது அதற்கும் வேகமாக வைத்து வெள்ளைத் திரையைப் பாருங்கள். குறுக்கே கறுப்புப் பட்டைகள் ஓடும். 100-லிருந்து பத்துப் பத்தாகக் குறைத்துக்கொண்டே வந்து பட்டை எந்த எண்ணில் ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். சில மானிட்டரில் 30, 25 வரைக்கும் சுத்தமாக இருக்கும், அதற்குக் கீழேதான் பட்டை வரும். அப்படியானால் அந்த எண்ணுக்கு மேலே வைத்தால் போதும், வேலை சுலபம்.

கல்லிடை ஆந்தை | புதன், இரவு 10:05

100-ல் பட்டை இல்லை. 90-லேயே மெல்லிசாக வந்துவிட்டது. 50-ல் நன்றாகத் தெரிகிறது, 15-ல் கறுப்புதான் அதிகம், வெள்ளை கீற்று மாதிரி. அப்படியானால் 100-ல் வைக்க வேண்டுமா? வைத்துப் பார்த்தேன். நடுராத்திரியில் லாரி ஹெட்லைட் முன்னால் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. இதற்குத் தலைவலியே தேவலை.

காற்றாலை | புதன், இரவு 10:40

கயத்தாறு பக்கம் காற்றாலை கண்ட்ரோல் ரூமில் நைட் பார்க்கிறவன். எங்களுக்கு நாலு திரை, எல்லாம் கறுப்புப் பின்னணி, அதில் வெள்ளை எழுத்து, பச்சை சிவப்பு எண்கள். கண் கூச்சமே கிடையாது. டார்க் மோடு போட்டுவிடுங்கள் அக்கா, தீர்ந்தது.

ஆனால் எனக்கு வேறு ஒரு தொல்லை, வெள்ளை எழுத்துக்களைச் சுற்றி ஒரு புகை மாதிரி படர்கிறது. இது மானிட்டர் கோளாறா?

பேக்லைட் | புதன், இரவு 11:02

தம்பி, உங்களுக்கு ஆஸ்டிக்மாடிசம் இருக்கிறதா என்று கண் டாக்டரிடம் கேளுங்கள். கறுப்பில் வெள்ளை எழுத்து என்றால் இருட்டில் கண்மணி விரியும், பவர் சரியில்லாத கண்ணுக்கு எழுத்து படரும். ஆந்தைத் தங்கச்சிக்கு டார்க் மோடு உதவாது, ஸ்கேன் செய்த பிடிஎஃப் எந்த மோடு போட்டாலும் பெரும்பாலும் வெள்ளையாகத்தான் வரும்.

ஆந்தைத் தங்கச்சி, 100-ல் வைத்துவிட்டு அங்கேயே விட்டுவிடச் சொல்லவில்லை. விளக்கைத் தொடாதீர்கள், அதன் முன்னால் இருக்கிற கண்ணாடியை மூடுங்கள். வீட்டு ஜன்னல் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், சூரியனை அணைத்து அணைத்துப் போடுவதற்குப் பதிலாகத் திரைச்சீலையை இழுத்துவிடுகிறோம். எல்சிடி பேனல்தான் அந்தத் திரைச்சீலை. லேப்டாப் பூட்டிக் கிடந்தாலும் பரவாயில்லை, இதெல்லாம் மானிட்டரின் கீழே இருக்கிற பட்டனிலேயே இருக்கிறது.

முதலில் மெனுவில் `DCR` அல்லது `Dynamic Contrast` என்று இருப்பதை `Off` செய்யுங்கள். மூச்சு விடுவது அதுதான். திரையில் வெள்ளை அதிகமா கறுப்பு அதிகமா என்று பார்த்து விளக்கைத் தானாக ஏற்றி இறக்குகிறது. அதை அணைக்காமல் வேறு எதைத் திருத்தினாலும் வீண், சில மாடலில் `Brightness`-ஐத் தொடவே விடாது.

அடுத்து `Brightness` 100. அப்புறம் `Contrast`, உங்களுக்கு 75-ல் இருக்கும், அதை ஐந்து ஐந்தாக இறக்குங்கள். மேஜையில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள், திரையில் வெறும் வெள்ளைப் பக்கம். திரையின் வெள்ளை, தாளை விடப் பளீரென்று விளக்கு மாதிரித் தெரிந்தால் இன்னும் இறக்குங்கள், இரண்டும் ஒரே தாள் போலத் தெரியும்போது நிறுத்துங்கள். `Contrast` ரொம்பக் கீழே போய்விட்டால் மெல்லிய சாம்பல் கோடுகள் காணாமல் போகும். உங்கள் ஃபாரத்தில் கட்டம் போட்ட கோடு இருக்கும் அல்லவா, அது தெரிகிற வரைதான் எல்லை. அதற்கு மேலும் கூசினால் `Color Temp` போய் `User` எடுத்து நீலத்தை அதிகமாகவும் பச்சையைக் கொஞ்சமாகவும் குறையுங்கள், சிவப்பைக் கிட்டத்தட்ட அப்படியே விடுங்கள். வெளிச்சமும் குறையும், நைட் லைட் செய்கிற மஞ்சளும் வந்துவிடும்.

ஒரு நட்டம் உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். விளக்கு முழுக்க எரிவதால் கறுப்பு கறுப்பாக இருக்காது, சாம்பலாகப் பூத்திருக்கும். சினிமா பார்க்க இந்த செட்டிங் ஆகாது. இருட்டறையில் அந்தச் சாம்பல் உறுத்தும், அதனால் லைட்டை அணைத்துவிட்டு வேலை செய்வதை விடுங்கள். மானிட்டருக்குப் பின்னால் சுவரில் படுகிற மாதிரி ஒரு விளக்கு வையுங்கள்.

கண்ணாடிக்கடை | வியாழன், காலை 11:30

தென்காசியில் ஆப்டிகல் ஷாப்பில் இருக்கிறேன். இவ்வளவு சுற்ற வேண்டாமே அக்கா, ப்ளூ கட் லென்ஸ் போட்டால் போதும், நைட் ஷிஃப்ட் ஆட்கள் எல்லோரும் அதைத்தான் வாங்குகிறார்கள்.

பேக்லைட் | வியாழன், பகல் 12:10

துடிக்கிற விளக்கை மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்த்தால் மஞ்சளாகத் துடிக்கும். மற்றபடி 2023-ல் காக்ரேன் என்கிற மருத்துவ ஆய்வு அமைப்பு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், குறுகிய காலத்தில் கண் அயர்ச்சிக்கு ப்ளூ கட் லென்ஸ் சாதாரண லென்ஸை விடப் பெரிதாக எதுவும் செய்வதாகத் தெரியவில்லை. பவர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது வேறு விஷயம், அதைச் சொல்லுங்கள், நானும் ஒத்துக்கொள்கிறேன்.

கண்ணாடிக்கடை | வியாழன், பகல் 12:25

வாங்குகிறவர்கள் நல்லா இருக்குன்னுதான் சொல்கிறார்கள். சரி விடுங்கள். அக்கா, கடைசியாக எப்போது பவர் பார்த்தீர்கள்?

கல்லிடை ஆந்தை | வெள்ளி, அதிகாலை 4:30

பவர் பார்த்து மூன்று வருஷம் இருக்கும். பார்க்கிறேன்.

ராத்திரி உட்கார்ந்து எல்லாம் செய்தேன், வேலைக்கு நடுவில்தான், சூப்பர்வைசருக்குச் சொல்லிவிடாதீர்கள். `DCR` மெனுவில் மூன்றாவது பக்கத்தில் ஒளிந்திருந்தது, அணைத்ததும் மூச்சு நின்றது. `Contrast` 40 வரைக்கும் இறக்கினேன், 35-ல் ஃபாரத்தின் கட்டம் மறைந்துவிட்டது, அதனால் 40. அப்போதும் தாளை விட வெள்ளையாக இருந்தது. `User`-ல் சிவப்பு 90, பச்சை 78, நீலம் 60. முதல் பத்து நிமிடம் எல்லாம் கருப்பட்டித் தண்ணி ஊற்றிய மாதிரி இருந்தது, அப்புறம் பழகிவிட்டது.

விளக்குக்குத்தான் ஒரு கூத்து. மேலே எரிகிற எல்இடி பல்பு என் தலைக்குப் பின்னால் இருப்பதால் அதன் உருவம் நேராகத் திரையில் விழுகிறது. இத்தனை நாள் திரையின் கூச்சம் என்று நினைத்ததில் கால்வாசி அந்தப் பல்புதான். அதைக் கழற்றி டேபிள் லாம்பில் போட்டு மானிட்டருக்குப் பின்னால் வைத்தேன். வைத்துவிட்டு, சும்மா இருக்காமல் போன் கேமராவை அதன் மேலேயும் காட்டினேன். அதிலும் பட்டை!

பனங்காடு | வெள்ளி, காலை 6:50

நான் முதல் நாளே சொன்னேன் கரண்டு என்று.

பேக்லைட் | வெள்ளி, காலை 9:20

பனங்காடு அண்ணன் சொன்னதில் பாதி இப்போது பலித்துவிட்டது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவு எல்இடி பல்பில் உள்ளே இருக்கிற டிரைவர் சர்க்யூட் சரியில்லை என்றால் அது நொடிக்கு 100 தடவை துடிக்கும். சோக் போட்ட பழைய டியூப்லைட்டுக்கும் இதே கதைதான். ஸ்டெபிலைசர் வாங்கினாலும் இது போகாது, பல்பைத்தான் மாற்ற வேண்டும். வீட்டில் இருக்கிற பல்பை எல்லாம் கேமராவில் பாருங்கள், பட்டை இல்லாத ஒன்று எங்காவது எரிந்துகொண்டிருக்கும்.

கல்லிடை ஆந்தை | சனி, இரவு 1:15

பூஜை அறையில் இருந்தது. அம்மாவிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நேற்று முழுக்க வலி இல்லை. காலையில் செங்கோட்டை வண்டி போகிற சத்தம் கேட்டபோதுதான் மணியே பார்த்தேன். நாலு மாதத்தில் இது முதல் தடவை.

சந்தேகி | சனி, காலை 10:00

சந்தோஷம். ஆனால் நீங்கள் ஒரே ராத்திரியில் ஐந்து விஷயத்தை மாற்றியிருக்கிறீர்கள், `DCR`, விளக்குத் துடிப்பு, வெள்ளையின் அளவு, நிறம், பல்பு. இதில் எது வேலை செய்தது? வெளிச்சம் தாளுக்குச் சமமானதே போதுமாக இருந்திருக்கலாம், நொடிக்கு 240 தடவைத் துடிப்புக்கு இதில் பங்கே இல்லாமலும் இருக்கலாம். வலி குறையும் என்று நம்பி உட்கார்ந்தால் குறையவும் செய்யும்.

பேக்லைட் | சனி, பகல் 2:15

நியாயமான கேள்வி. நான் விளக்கைத்தான் சந்தேகப்படுகிறேன், நிரூபித்துக் காட்டு என்றால் என்னால் முடியாது. தம்பி இருக்கிறான் அல்லவா, அவனிடம் செட்டிங்கை மாற்றி வைக்கச் சொல்லுங்கள். தினமும் ஒன்பது மணிக்கு முன்னால் அவன் இரண்டில் ஒன்றை வைக்கட்டும்: ஒன்று `Brightness` 100, `Contrast` 40. இன்னொன்று `Contrast` 75, திரையின் வெள்ளை அதே தாள் அளவுக்கு வருகிற மாதிரி `Brightness` குறைத்து. நிறமும் பல்பும் மாறக் கூடாது. எது என்று உங்களுக்குச் சொல்லக் கூடாது, பென்சில் ஆட்டவும் கூடாது.

கல்லிடை ஆந்தை | வியாழன், காலை 6:20

நாலு ராத்திரி ஆயிற்று. எனக்கு வலி வந்தது இரண்டு ராத்திரி. தம்பியிடம் கேட்டேன், அந்த இரண்டில் ஒன்று `Brightness` குறைத்துவைத்த ராத்திரி, சரி. இன்னொன்று அவன் 100-ல் வைத்த ராத்திரியாம். எனக்கு ஒரே ஏமாற்றம், இவ்வளவு பாடும் வீணா என்று. அப்புறம் எதற்கும் கேமராவை எடுத்துக் காட்டினால் பட்டை அப்பட்டமாக ஓடுகிறது. மெனுவைத் திறந்து பார்த்தால் `ECO` என்று நிற்கிறது. பத்து மணிக்கு ஒரு தடவை கரண்டு போய் வந்தது, வந்ததும் கறுப்புத் திரையைப் பார்த்து நானே பட்டனைத் தடவித் தடவி அழுத்தியிருக்கிறேன், அப்போது மாறியிருக்க வேண்டும்.

பேக்லைட் | வியாழன், காலை 9:45

`ECO`, `Text`, `Movie` இந்த மாதிரிப் பெயர்கள் எல்லாமே தனித்தனி பிரைட்னஸ் வைத்திருக்கும். `ECO` என்றால் விளக்கைக் குறைப்பதுதான் அதன் வேலை, குறைத்தால் உங்கள் மானிட்டரில் துடிப்பு வந்துவிடும். `Standard` அல்லது `User`-ல் வைத்துவிட்டு, மெனுவில் பூட்டு இருந்தால் பூட்டிவிடுங்கள்.

சந்தேகி | வியாழன், காலை 10:30

கணக்கு நன்றாகத்தான் வருகிறது. ஆனால் `Brightness` குறைத்த ராத்திரியில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், அதை வைத்தே உங்களுக்குத் தெரிந்திருக்கும். `ECO`-வில் வெளிச்சத்தின் அளவும் மாறியிருக்கும். நாலு ராத்திரி பத்தாது.

கல்லிடை ஆந்தை | வியாழன், காலை 10:41

பத்தாதுதான். ஆனால் ஐந்தாவது ராத்திரி அந்த 15-ல் உட்கார நான் தயாராக இல்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஜங்ஷன் அண்ணாச்சி | வியாழன், மாலை 5:00

இப்போது என் வீட்டு மானிட்டரில் பென்சிலை ஆட்டிப் பார்த்தேன். வேலிக்கம்பி. பேரன் சிரிக்கிறான், தாத்தா பஜனை பாடுதாகன்னு.

கறுத்துத் திரும்பி வருகிறதே, அது என்ன ஆயிற்று தங்கச்சி?

கல்லிடை ஆந்தை | வெள்ளி, இரவு 12:20

அது மட்டும் இருக்கிறது அண்ணாச்சி. எச்டிஎம்ஐ கேபிளை இரண்டு பக்கமும் கழற்றிச் சொருகினேன், மூன்று தடவை வந்தது ஒரு தடவையாகக் குறைந்தது.

பேக்லைட் | வெள்ளி, காலை 9:30

நீளக் கேபிள் என்றால் குட்டையான ஒன்றை மாற்றிப் பாருங்கள். அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஃபேனோ ஃபிரிட்ஜோ இருந்தால் பிரித்துவிடுங்கள், மோட்டார் போடும்போதும் அணைக்கும்போதும் வருகிற பொறி எச்டிஎம்ஐ சிக்னலை ஒரு நொடி அறுத்துவிடும், மானிட்டர் லேப்டாப்போடு மறுபடி கைகுலுக்கி எழுந்திருக்க இரண்டு நொடி ஆகும். நம்ப மாட்டீர்கள், சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியிலிருந்து சட்டென்று எழுந்தாலே சில மானிட்டர் அணைந்து எரியும், நிலைமின்சாரம்.

கல்லிடை ஆந்தை | சனி, அதிகாலை 5:10

ஃபிரிட்ஜை வேறு பிளக்குக்கு மாற்றினேன். ஃபேனையும் மாற்றினேன். நாற்காலி மர நாற்காலி. 3:40-க்கு ஒரு தடவை போய் வந்தது. அப்போது நான் அசையக்கூட இல்லை, தெருவில் யாரோ மோட்டார் போட்டார்கள். குட்டைக் கேபிள் தம்பி திங்கட்கிழமை அம்பாசமுத்திரத்திலிருந்து வாங்கி வருகிறான், போட்டுப் பார்த்துச் சொல்கிறேன். பூஜை அறையில் பட்டை ஓடுகிற பல்புதான் எரிகிறது, அம்மா இன்னும் கவனிக்கவில்லை.